ஓட்டத்தில் வென்ற பெண்ணுக்கு ஒரு புறப்பாட்டு

கேள்வி: எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, பள்ளி மாணவி, மாவட்ட அளவில் 1500 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றிருக்கிறாள். ஊர்ப் பாராட்டு விழாவில் படிக்கப் புறநானூற்றுப் பாணியில் ஒரு பாட்டு எழுத வேண்டும். வீரமும் கொடையும் இரண்டும் வர வேண்டும் என்கிறார்கள். வீரம் சரி, கொடைக்கு அவளிடம் என்ன இருக்கிறது? கூலி வேலை செய்யும் வீட்டுப் பெண். ஒரே ஒரு ஜோடி ஸ்பைக்ஸ்தான் வைத்திருக்கிறாள். அதையும் அன்றைக்கு அடுத்த போட்டியில் ஓடிய சின்னப் பெண்ணுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். எப்படி எழுதுவது?

பதில்:

கொடைக்கு வேண்டியதை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த ஸ்பைக்ஸ்தான் உங்கள் பாட்டு. மற்றதெல்லாம் அதை நோக்கி நடத்திக்கொண்டு போகிற வேலை.

கொடை என்றதும் நமக்குத் தேர் கொடுத்த பாரியும், மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் நினைவுக்கு வருகிறார்கள். அதனால் கையில் காசு இல்லாதவரைப் பாட முடியாது என்று தோன்றிவிடுகிறது. புறநானூறு அப்படி நினைக்கவில்லை. 95ஆம் பாட்டைப் பாருங்கள். ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று பாடியது. இங்கே இருக்கும் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளப்பாக இருக்கின்றன. எங்கள் அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். அந்த அதியமான் யார்? ‘உண்டாயின் பதம் கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும்’ தலைவன். இருந்தால் பிறருக்குச் சோறு கொடுப்பான், இல்லாவிட்டால் இருக்கிறதை எல்லாரோடும் சேர்ந்து உண்பான். அவனை இல்லாதவர்களுடைய சுற்றத்துக்குத் தலைவன் என்றே பாட்டு சொல்கிறது. கொடையின் அளவு எவ்வளவு என்று அங்கே கணக்கே இல்லை. தனக்கு வேண்டியதைத் தானே வைத்துக்கொள்ளாமல் பகிர்ந்தான் என்பதுதான் செய்தி.

உங்கள் பெண்ணுக்கு இது அப்படியே பொருந்தும். இன்னொன்றும் கவனியுங்கள். வீரத்தையும் கொடையையும் ஔவையார் தனித்தனியாக இரண்டு பத்தியாகப் பாடவில்லை. சிதைந்த வேல், பகிர்ந்த சோறு இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. நீங்களும் முதல் பாதி வீரம், இரண்டாம் பாதி கொடை என்று பிரித்துக்கொண்டு உட்காராதீர்கள். அவள் எதைப் போட்டுக்கொண்டு வென்றாளோ அதையே கொடுத்தாள். வென்ற கருவியும் கொடுத்த பொருளும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

அடுத்தது வீரம். போர் இல்லாத இடத்தில் புறப்பாட்டு வீரத்தை எங்கே போய்த் தேடுவது என்று தயங்க வேண்டாம். புறநானூற்றிலேயே விளையாட்டுக் களத்தைப் பாடிய பாட்டுகள் இருக்கின்றன. 80 முதல் 85 வரை உள்ள ஆறு பாட்டும் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழனைப் பற்றியவை. முதல் மூன்றைச் சாத்தந்தையாரும், அடுத்த மூன்றை நக்கண்ணையார் என்ற பெண் புலவரும் பாடியிருக்கிறார்கள். எழுதத் தொடங்கும் முன் இந்த ஆறையும் ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். எல்லாம் சின்னச் சின்னப் பாட்டுகள்.

80இல் கிள்ளி ஆமூர் மல்லனோடு மற்போர் செய்கிறான். புலவர் அவனைச் சிங்கம் என்றோ இடி என்றோ சொல்லவில்லை. ஒரு கால் மல்லனுடைய மார்பில் ஊன்றியிருக்கிறது, இன்னொரு கால் அவன் முதுகுப் பக்கம் வளைத்திருக்கிறது என்று பிடியைச் சொல்கிறார். கிட்ட நின்று பார்த்தவர் சொல்லும் வருணனை அது. அப்புறம், கிள்ளியோடு மனம் ஒத்துப்போகாத அவன் தந்தை தித்தன் மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இந்தக் காட்சியை வந்து பார்க்கட்டும் என்கிறார்.

82தான் உங்களுக்கு மிகவும் வேண்டியது. அது வேகத்தைப் பாடுகிறது. ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது. இந்த நிலையில் கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருக்கும் ஒருவன் கையில் ஊசி எப்படிப் பாயும்? கிள்ளியின் போர் அதைவிட விரைவாக முடிந்தது என்று பாட்டு முடிகிறது. பாட்டில் பெரும்பகுதி அந்த ஊசிக்கே போய்விடுகிறது. கடைசியில்தான் வீரன் வருகிறான். வேகத்துக்கு மின்னலையும் அம்பையும் விட்டுவிட்டு, அன்றாடம் பார்க்கிற ஒரு கையின் அவசரத்தை எடுத்தாரே, அந்தத் துணிச்சல்தான் புறப்பாட்டு. இன்றைக்கு நாம் எழுதுகிற பாராட்டுக் கவிதைகளில் புயலும் சிறுத்தையும் வருகிற வேகத்தைப் பார்த்தால் சாத்தந்தையார் சிரித்திருப்பார்.

85இல் கூட்டத்தின் சத்தம் கேட்கிறது. ‘ஆடு ஆடு’ என்று ஒரு சாரார் கத்துகிறார்கள், ‘ஆடு அன்று’ என்று இன்னொரு சாரார். அவனுக்கு வெற்றி என்று ஒரு பக்கம், வெற்றி இல்லை என்று ஒரு பக்கம். கிள்ளிக்கு அது சொந்த ஊரும் இல்லை, சொந்த நாடும் இல்லை. பாடுகிற பெண் ஒரு பனையோடு ஒட்டி நின்று அவன் வென்றதைத் தான் கண்டேன் என்கிறாள். உங்கள் பெண்ணும் மாவட்டத் தலைநகரில் வேறு பள்ளிப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவேதான் ஓடியிருப்பாள். அங்கே கூடப் போனவர் யாராவது இருந்தால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வயது குறைந்த வீரரைப் பாடுவதற்கும் முன்மாதிரி உண்டு. 77இல் இடைக்குன்றூர் கிழார், தலையாலங்கானத்தில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடுகிறார். காலில் இருந்த கிண்கிணியைக் கழற்றிக் கழல் போட்டவன், கழுத்தில் ஐம்படைத்தாலியை இன்னும் கழற்றாதவன், பால் குடிப்பதை விட்டு இன்றுதான் சோறு உண்டவன் என்று இளமையை ஒவ்வொரு பொருளாகக் காட்டிவிட்டு, எதிர்த்து வந்த மள்ளரைக் கண்டு ‘வியந்தன்றும் இழிந்தன்றும் இலனே’ என்கிறார். மலைக்கவும் இல்லை, இளக்காரமாகப் பார்க்கவும் இல்லை. இளம் வீரரைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக உயர்ந்த பாராட்டு இதுதான் என்பது என் எண்ணம். ‘சின்ன வயதிலேயே சாதித்தாள்’ என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதில், அவள் முகம் ஓட்டத்தின்போது எப்படி இருந்தது என்று சொன்னால் போதும்.

சரி, எழுதுவதற்கு வருவோம். முதலில் திணை. போர்க்களத்தில் நடப்பது தும்பை, வென்றது வாகை, ஒருவருடைய புகழையும் கொடையையும் பாடுவது பாடாண். உங்களுக்கு வெற்றியும் கொடையும் சேர்ந்து வேண்டும் என்பதால் பாடாண் திணையே பொருத்தம். அதற்குள் இயன்மொழி என்ற துறை, ஒருவருடைய இயல்பைச் சொல்லிப் புகழ்வது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

யாப்புக்கு ஆசிரியப்பா. புறநானூற்றில் மிகப் பெரும்பாலான பாட்டுகள் இதில்தான் இருக்கின்றன. புதிதாக எழுதுகிறவருக்கும் இதுதான் எளிது. அடிக்கு நான்கு சீர், பெரும்பாலும் ஈரசைச் சீர்களாக, அதாவது தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் ஆகிய நான்கில் ஒன்றாக. கடைசிக்கு முந்தைய அடியில் மட்டும் மூன்று சீர் வைத்தால் நேரிசை ஆசிரியப்பா. கடைசிச் சீர் ‘ஏ’ என்று முடிந்தால் ஓசை நிறைவாக இருக்கும். அடிக்குள் முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை அமைந்தால் படிக்கும்போது தானாக நிறுத்தம் கிடைக்கும். எல்லா அடியிலும் அமைய வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். மோனைக்காகப் பொய்ச் சொல்லைத் திணித்தால் பாட்டு கெட்டுவிடும்.

நீங்கள் கொடுத்த செய்திகளையும், 1500 மீட்டர் ஓட்டத்தின் இயல்பையும் வைத்து ஒன்று கட்டிப் பார்த்தேன். 400 மீட்டர் தடத்தில் அது மூன்றே முக்கால் சுற்று. முதலில் தனியாக ஒரு 300 மீட்டர், அப்புறம் மூன்று முழுச் சுற்று. கடைசிச் சுற்று தொடங்கும்போது மணி அடிப்பார்கள். நல்ல ஓட்டக்காரர்கள் அதுவரை முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக வருவதும், மணி கேட்டதும் வேகம் எடுப்பதும் வழக்கம். அந்த மணிதான் பாட்டின் நடுத்தூண்.

யாரிவள் என்று வினவுதிர் ஆயின்
கேண்மின் கேண்மின் அயலூ ரோரே
எம்மூர்ச் சிறுமகள் இவளே அம்ம
கண்மாய்க் கரையில் காக்கை எழும்முன்
பனியில் நனைந்த பாதம் ஊன்றிப்
பலநாள் ஓடிப் பழகிய காலள்
வட்டத் தடத்தில் மூன்றுசுற் றளவும்
முந்துவோர் பின்னே முகம்திரி யாது
மணியொலி கேட்ட கடைசிச் சுற்றில்
கொம்பர் இருந்து குளத்துமீன் நோக்கிய
சிரல்வீழ்ந் தன்ன செலவின ளாகி
எல்லைக் கோட்டை எவர்க்கும் முன்னே
கடந்த பின்னும் களிப்புற் றாடாள்
இறுதியில் வந்தோள் இளைத்து வீழ
ஓடிச் சென்று தோள்கொடுத் தனளே
முள்ளடிக் காலணி ஒன்றே உடையள்
அதையும் அடுத்த ஓட்டம் ஓடும்
இளையோள் காலில் இறுகக் கட்டி
வெறுங்கால் மண்ணில் நின்றோள்
சிறக்க மாதோ இவள்செலும் நெறியே

இதில் நானாகச் சேர்த்தவை மூன்று. கண்மாய்க் கரையில் விடியும் முன் ஓடியது, விழுந்தவளுக்குத் தோள் கொடுத்தது, ஓடும்போது முகம் மாறாதது. இவை உண்மையாக நடந்திருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் உடனே எடுத்துவிட்டு, நடந்ததைப் போடுங்கள். அவள் பள்ளி மைதானத்தில் பயிற்சி எடுத்திருந்தால் கண்மாய் வேண்டாம். விழாவில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அவளைத் தினமும் பார்க்கிறவர்கள். ஒரு வரி பொய் என்று தெரிந்துவிட்டால், ஸ்பைக்ஸ் கொடுத்த உண்மைச் செய்தியையும் கவிஞர் கட்டியது என்று நினைத்துவிடுவார்கள். அதுதான் பெரிய நட்டம்.

மீன்கொத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிரல் என்பது சங்கப் பாட்டுகளில் அதற்கு வழங்கும் பெயர். அதை வேகத்துக்காக மட்டும் எடுக்கவில்லை. கொம்பில் அசையாமல் இருந்து, நேரம் பார்த்து, ஒரே பாய்ச்சலில் இறங்கும் பறவை அது. ஏறத்தாழ மூன்று சுற்று பொறுமை, கடைசிச் சுற்றில் பாய்ச்சல் என்ற இரண்டும் உவமைக்குள்ளேயே இருக்கின்றன. உவமையைத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பாருங்கள்: பொருளின் ஒரு பண்பு மட்டும் ஒத்துப்போனால் அது அலங்காரம், நடந்த நிகழ்ச்சியின் வரிசையே ஒத்துப்போனால் அது புறப்பாட்டு உவமை. அவள் 100 மீட்டர் ஓடுகிறவளாக இருந்திருந்தால் மீன்கொத்தி பொருந்தாது. அங்கே காத்திருக்க நேரமே கிடையாது. தொடக்கம் முதலே முன்னால் ஓடி யாரையும் அருகில் விடாமல் வென்றிருந்தாலும் இந்த ஐந்து அடிகளை மாற்றியே ஆக வேண்டும். ஆகவே அவள் எப்படி வென்றாள் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

சீர் சரியா என்று பார்க்க ஒரு அடியைப் பிரித்துக் காட்டுகிறேன். ‘பலநாள் ஓடிப் பழகிய காலள்’ என்பதில் பல-நாள் புளிமா, ஓ-டிப் தேமா, பழ-கிய கருவிளம், கா-லள் தேமா. நான்கும் ஈரசை. ‘மூன்றுசுற் றளவும்’ என்று நடுவே உடைத்து எழுதியிருப்பதும் சீருக்காகத்தான். ஆனால் மேடையில் படிக்கும்போது உடைத்துப் படிக்காதீர்கள். ‘மூன்று சுற்று அளவும்’ என்று பொருள் விளங்கும்படி படியுங்கள். அச்சில் சீர் பிரித்தும், வாயில் சொல் பிரித்தும் வரட்டும்.

சறுக்கும் இடங்கள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பெண்ணைப் பாடுகிறோம் என்பதால் கை தானாக வாள்நுதல், கயல்விழி, கொடியிடை என்று போகப் பார்க்கும். அந்த அடைமொழிகள் இந்தப் பாட்டில் வரவே கூடாது. கிள்ளியின் பிடியைப் பாடிய சாத்தந்தையார் அவன் அழகைப் பாடவில்லை. இவளுக்கும் காலும் முகமும் கையும் என்ன செய்தன என்பதே பாட்டு. புறநானூற்று வீரர்களில் பெண்கள் இல்லாததால் வீரத்தாய்ப் பாட்டுகள் பக்கம் மனம் சாயும். 86இல் காவற்பெண்டு ‘ஈன்ற வயிறோ இதுவே’ என்று பாடியது மிக நல்ல பாட்டுதான். ஆனால் அந்த வழியில் போனால் பாட்டு அம்மாவைப் பற்றியதாகிவிடும், ஓடியவள் பின்னால் போய்விடுவாள். அம்மாவுக்குத் தனியாக ஒன்று எழுதிக்கொள்ளலாம்.

இன்னொன்று பழஞ்சொல். ‘மாதோ’, ‘அம்ம’, ‘கேண்மின்’ போன்றவற்றை மூன்று நான்கு இடத்துக்கு மேல் தூவாதீர்கள். கேட்கிறவருக்குப் பொருள் தெரிய வேண்டிய இடத்தில், குறிப்பாக ஸ்பைக்ஸ் வருகிற நான்கு அடிகளில், எல்லாச் சொல்லும் எளிதாக இருக்கட்டும். அதனால்தான் கடைசிப் பகுதியில் ‘இறுகக் கட்டி’, ‘வெறுங்கால் மண்ணில்’ என்று பேச்சுக்குப் பக்கத்தில் விட்டிருக்கிறேன். ‘முள்ளடிக் காலணி’ புரியாது என்று தோன்றினால், படிக்கும் முன் ‘ஸ்பைக்ஸைத்தான் சொல்கிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தப்பில்லை.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. பாட்டில் இவள் இருக்கும் இடத்தில் வேறு ஊர் கபடி வீரரையோ, பக்கத்துத் தெரு நீச்சல்காரரையோ வைத்துப் படித்துப் பாருங்கள். இடறாமல் ஓடினால் அது இன்னும் புறப்பாட்டு ஆகவில்லை. மேலே உள்ள பாட்டில் மணியும் சுற்றும் காலணியும் வேறு யாருக்கும் ஒட்டாது.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகப்பாட்டில் தலைவன் தலைவி பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. புறத்தில் அந்தத் தடை இல்லை, பெயரைத் தாராளமாகச் சொல்லலாம். ‘எம்மூர்ச் சிறுமகள்’ என்ற இடத்தில் அவள் பெயரை வைக்கலாம். பெயர் இரண்டு சீரில் அடங்காவிட்டால் பாட்டை உடைக்காதீர்கள், அதற்கு வேறு வழி இருக்கிறது. புறநானூற்றுப் பாட்டுகளின் அடியில் திணை, துறை, இன்னாரை இன்னார் பாடியது என்ற குறிப்பு உரைநடையில் வரும். நீங்களும் பாட்டைப் படித்து முடித்ததும் அப்படி ஒன்று படியுங்கள்: ‘திணை பாடாண். துறை இயன்மொழி. மாவட்டப் போட்டியில் 1500 மீட்டர் ஓடி வென்ற இன்னாரை, அவர் தம் காலணியை இளையவருக்குக் கொடுத்தது கண்டு, அவ்வூரார் பாடியது.’ முழுப் பெயர், தந்தை தாய் பெயர், பள்ளி, பயிற்சியாளர், ஓடி முடித்த நேரம் என்று விழாக் குழுவினர் எதையெல்லாம் பாட்டில் சேர்க்கச் சொல்லி நெருக்குவார்களோ, அதெல்லாம் இந்தக் குறிப்புக்குள் போகட்டும்.